பயத்தைச் சொன்ன பிறகு வரும் பதில்



எங்கள் ஊர்களில் ஒரு சம்பந்தம் பேசி முடிப்பதற்குள் நாம் எத்தனையோ விடயங்களை விசாரிக்கிறோம். மாப்பிள்ளைக்கு நிரந்தரத் தொழிலா, தொழுகை எப்படி, கூட்டாளிமார் யார், கடன் இருக்கிறதா என்று கேட்கிறோம். பெண் வீட்டில் வீடு எழுதிக் கொடுப்பார்களா, வளவு எத்தனை பேர்ச் என்றும் கேட்கிறோம். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவரிடமும் சந்திக் கடைக்காரரிடமும் கூடக் கேட்கிறோம். இதில் பிழையில்லை, விசாரிக்கத்தான் வேண்டும்.

ஆனால் எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் பழைய மாணவிகளும் மாணவர்களும் வந்து கேட்கிற கேள்வி வேறு. "டீச்சர், எல்லாம் சரி, ஆனா அவருக்கு உண்மையா என்னில விருப்பமா என்டு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" நிச்சயம் முடிந்து, கலியாணத்துக்கு நாலைந்து மாதம் இருக்கும்போது இந்தக் கேள்வி வரும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அழைப்பு எடுக்கிறார், பெருநாளைக்கு என்ன அனுப்பினார் என்பதை வைத்து அளந்து பார்த்தும் மனம் அமைதியடையாமல்தான் வருகிறார்கள்.

எங்கள் கருத்து இதுதான். அழைப்பையும் அன்பளிப்பையும் எண்ணாதீர்கள். உங்களுடைய ஒரு பயத்தையோ பலவீனத்தையோ சொன்ன பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். சொன்ன அந்த நிமிடத்தில் வந்த பதிலை மட்டுமல்ல, அதற்குப் பிறகு வந்த வாரங்களையும் பாருங்கள். நல்ல செய்தி சொல்லும்போது எல்லாருக்கும் சிரிக்கத் தெரியும். பயத்தைச் சொல்லும்போது கேட்கிறவருக்கு அதில் இலாபம் எதுவும் இல்லை, பாரம் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பாரத்தின் ஒரு முனையைப் பிடிக்கிறாரா என்பதுதான் கேள்வி.

இதற்கு எங்களிடம் மிகப் பெரிய முன்மாதிரி இருக்கிறது. கி.பி. 610 அளவில் ஹிராக் குகையில் முதல் வஹீ இறங்கிய பிறகு நபி (ஸல்) அவர்கள் இதயம் நடுங்க வீட்டுக்கு வந்த சம்பவத்தை நாம் எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். ஸஹீஹுல் புகாரியின் தொடக்கத்திலேயே, ஆயிஷா (ரழி) அவர்களின் அறிவிப்பாக அது வருகிறது. வஹீயின் ஆரம்பம் பற்றிய பாடமாக அதைப் படித்திருக்கிறோம். ஒரு மனிதர் தன் பயத்தைத் தன் துணையிடம் சொன்னால் அந்தத் துணை என்ன செய்ய வேண்டும் என்ற பாடமாகவும் அதைப் படிக்கலாம். கதீஜா (ரழி) அவர்கள் செய்ததை வரிசையாகப் பாருங்கள்.

தன்னைப் போர்த்தும்படி நபியவர்கள் கேட்டார்கள். உடனே போர்த்தினார்கள். நடுக்கம் போகும்வரை போர்த்தியே வைத்திருந்தார்கள். நடந்தது சொல்லப்பட்டது அதற்குப் பிறகுதான். தனக்கு என்ன ஆகுமோ என்று பயந்ததையும் நபியவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். கதீஜா நாயகி அதைக் கேட்டுவிட்டு, அல்லாஹ் உங்களை ஒருபோதும் இழிவுபடுத்த மாட்டான் என்ற கருத்தில் ஆறுதல் சொன்னார்கள். அதற்குக் காரணங்களையும் அடுக்கினார்கள். நீங்கள் உறவைப் பேணுகிறீர்கள், இயலாதவர்களின் சுமையைத் தாங்குகிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள் என்று, அவர்களுடைய வாழ்க்கையிலிருந்தே எடுத்துச் சொன்னார்கள். கடைசியாக, விடயம் தன் அறிவுக்கு அப்பாற்பட்டது என்று கண்டு, வேத அறிவுள்ள தன் உறவினரான வரகா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துப் போனார்கள்.

"பயப்படாதீங்க" என்று வெறுமனே சொல்லி முடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் நடுக்கம் அடங்க இடம் கொடுத்தார்கள். பிறகு கேட்டார்கள். பிறகு அந்த மனிதரைத் தெரிந்த ஒருவரால் மட்டுமே சொல்லக்கூடிய ஆறுதலைச் சொன்னார்கள். பிறகு அறிந்தவரிடம் கூட்டிப்போனார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போது அவர்கள் திருமணம் முடித்து ஏறக்குறைய பதினைந்து வருடங்கள். அந்த ஆறுதலுக்குப் பின்னால் பதினைந்து வருடம் கூடவே இருந்து பார்த்த அறிவு இருக்கிறது. நிச்சயம் முடித்து மூன்று மாதமான ஒருவரிடமிருந்து அதே வார்த்தைகளை எதிர்பார்ப்பது நியாயமில்லை. உங்களை அவருக்கு இன்னும் தெரியாது. அவரால் முடிந்தது நடுக்கம் அடங்க இடம் கொடுப்பதும், பொறுமையாகக் கேட்பதும்தான். அதையாவது செய்கிறாரா என்று பார்த்தால் போதும்.

உளவியல் படித்தவர்களும் இதையொட்டியே பேசுகிறார்கள். 1988 இல் ஹரி ரீஸ், பிலிப் ஷேவர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் நெருக்கம் எப்படி உண்டாகிறது என்று எழுதினார்கள். ஒருவர் தன் மனதிலுள்ளதைத் திறந்து சொல்வதால் மட்டும் நெருக்கம் வருவதில்லை. என்னை விளங்கிக்கொண்டார், என்னை மதித்தார், என்னில் அக்கறைப்பட்டார் என்ற மூன்றையும் சொன்னவர் உணர வேண்டும். அப்படி உணராவிட்டால், சொன்னதால் தூரம்தான் கூடும்.

இனி எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்ட இருவரின் சம்மதத்தோடும், ஆள் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியும் எழுதுகிறோம்.

அம்பாறை மாவட்டக் கரையோர ஊரொன்றில் பிறந்த பெண். 2004 டிசம்பர் 26 அன்று அவளுக்கு ஆறு வயது. இலங்கையில் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் எங்களுடையது. அவளுடைய வீட்டில் மூத்தம்மா மௌத்தானார். அவள் வளர்ந்தாள், படித்தாள், அலுவலகம் ஒன்றில் தொழிலும் கிடைத்தது. வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் மாரி காலத்தில் வாடைக்காற்று அடித்து கடல் இரையத் தொடங்கினால் அவளுக்கு இரவில் நித்திரை இல்லை.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் தாதி உத்தியோகத்தர். எங்கள் பக்க வழக்கப்படி கலியாணத்துக்குப் பிறகு அவர்தான் பெண் வீட்டுக்கு வர வேண்டும், அந்த வீடு கடலிலிருந்து வெகு தூரமில்லை. அவருக்கோ மாதத்தில் பல நாட்கள் இரவுக் கடமை. ஆகஸ்டில் நிச்சயம், பெப்ரவரியில் கலியாணம் என்று முடிவாகியிருந்தது. இரு வீட்டாருக்கும் தெரிந்தே, ராத்தா பக்கத்தில் இருக்க, இடைக்கிடை தொலைபேசியில் கதைப்பார்கள். நவம்பர் மாதம் ஒரு நாள் அவள் சொல்லிவிட்டாள்.

"எனக்கு மாரிக்குக் கடல் சத்தம் கேட்டா நித்திரை வராது. விடிய விடிய முழிச்சிட்டு இருப்பன். நீங்க நைட் டியூட்டிக்குப் போனா நான் என்ன செய்வனோ தெரியா."

மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. எல்லாம் முடிந்தது என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். பிறகு அவர் கேட்டார்.

"முழிச்சிட்டு இருக்கக்க என்ன செய்வீங்க?"

"கதவத் திறந்து தண்ணி வருதா என்டு பாப்பன்."

"ஒரு ராவைக்கு எத்தின தரம்?"

"பத்துத் தரம் இருக்கும்."

"உம்மாவ எழுப்ப மாட்டீங்களா?"

"உம்மாவும் அந்த நாளக் கண்டவதானே. அவ நிம்மதியா உறங்கட்டும்."

அவர் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்: "சொன்னது நல்லம். எனக்கு இப்ப என்ன சொல்றதென்டு விளங்கல்ல. யோசிப்பம்."

இதில் அழகான வசனம் ஒன்றும் இல்லை. நாடகத்தில் வருகிற மாதிரி "நான் இருக்கன், இனிப் பயப்படத் தேவையில்ல" என்று அவர் சொல்லவில்லை. ஆனால் மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றும் அவளைப் பற்றியவை. ஒவ்வொன்றும் முதல் பதிலிலிருந்து எழுந்தவை. எத்தனை தரம் என்று கேட்கிற மனிதர், அந்த இரவைத் தன் கண்ணுக்குள் கொண்டுவந்து பார்க்க முயற்சிக்கிறார். விருப்பத்தின் முதல் அடையாளம் இதுதான்: அடுத்த கேள்வி வருகிறதா?

இரண்டாவது அடையாளம் அடுத்த மாதம் தெரிந்தது. கடமைப் பட்டியல் வந்ததும் அதைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினார். கலியாணத்துக்குப் பிறகு ஒரு மாதத்தில் எத்தனை இரவு தனியாக இருக்க வேண்டி வரும், எந்தெந்த நாட்களில் யாரை வரச் சொல்லலாம் என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்கத்தான். டிசம்பர் 26 காலையில் ஒரு செய்தி வந்தது. இன்றைக்கு என்ன நாள் என்று தெரியும், கதைக்க வேண்டுமென்றால் எடுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று இருந்தது. அவள் ஞாபகப்படுத்தவில்லை. அவராக ஞாபகம் வைத்திருந்தார். சொன்ன நேரத்தில் உருகிவிட்டு அடுத்த வாரம் மறந்து போகிறவர்கள் நிறையப் பேர். கேட்காமலே நினைவில் வைத்திருப்பதை நடிப்பது கஷ்டம்.

மூன்றாவது அடையாளம் கலியாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. இரவுக் கடமையைக் குறைத்துக்கொள்ள முடியாதா என்ற பேச்சில் ஒரு நாள் இருவருக்கும் வாக்குவாதம் முற்றிவிட்டது. அவரும் களைத்துப்போய் வந்திருந்தார், கோபமாகப் பேசினார். ஆனால் "நீ பயந்தாங்கொள்ளி" என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அவருடைய உம்மாவுக்கோ சகோதரிகளுக்கோ இந்த விடயம் அதுவரை தெரியவும் இல்லை. அவள் எங்களிடம் சொன்னது: "அன்டைக்குத்தான் டீச்சர் எனக்கு நம்பிக்கை வந்த." ஒப்படைத்த பொருள் ஒப்படைத்த இடத்திலேயே இருக்கிறதா என்பது அமைதியான நாளில் தெரியாது, சண்டை வரும் நாளில்தான் தெரியும். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்று குர்ஆன் சொல்வதை நிகாஹ் குத்பாக்களில் கேட்கிறோம். கோபம் வந்ததும் உருவி எறிகிற ஆடையால் என்ன பயன்?

பயம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இரவுக் கடமை நாட்களில் தங்கச்சி வந்து படுத்துக்கொள்கிறாள். பிறகு அவரே ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார், அங்கே பல மாதங்கள் கிளினிக் போனாள். பத்துத் தரம் திறந்த கதவு இப்போது இரண்டு மூன்று தரம். பெரிய காற்று அடித்தால் இன்னும் நித்திரை இல்லைதான். தன்னால் முடியாததைத் தெரிந்தவரிடம் கொண்டுபோனதும் அக்கறையின் ஒரு பகுதி என்பதால் இதையும் சொல்கிறோம். இப்படியான பயத்தோடு யாராவது இருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

பிழையான பதில்கள் எப்படி இருக்கும்? "இதெல்லாம் ஒரு பயமா?" என்ற சிரிப்பை எல்லோருக்கும் தெரியும். அதைவிட எங்கள் மத்தியில் அதிகமாக வருவது, "ஓதிட்டுப் படுங்க, எல்லாம் சரியாகும்" என்பது. ஓதுவது ஆறுதல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் முழுதாகக் கேட்ட பிறகு "வாங்க, ரெண்டு பேரும் ஓதுவம்" என்று சொல்வது வேறு, கேட்காமலிருப்பதற்காக அதைச் சொல்வது வேறு. இரண்டாவது, மார்க்கத்தின் பெயரால் கதவைச் சாத்துவது. கதீஜா நாயகி அல்லாஹ்வின் பெயரைச் சொன்னார்கள், ஆனால் அதற்கு முன் போர்த்தினார்கள், முழுதாகக் கேட்டார்கள்.

இது ஆண்களுக்கும் உரிய விடயம். கட்டாரிலிருந்து வேலை போய்த் திரும்பிய ஒரு தம்பி, கையில் காசில்லை, கலியாணச் செலவை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது என்று தனக்கு நிச்சயித்த பெண்ணிடம் சொன்னார். அவள் நல்ல வார்த்தைதான் சொன்னாள். ஆனால் இரண்டு நாளில் அது அவளுடைய சாச்சிமாரின் வட்ஸ்அப் குழுமத்தில் இருந்தது. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கவலையில் சொல்லியிருக்கலாம். ஆனாலும் அந்தத் தம்பி அதற்குப் பிறகு அவளிடம் எதையும் சொல்வதில்லை. ஆம்பிளைப் பிள்ளை பயத்தைச் சொல்லக்கூடாது என்று சிறுவயதிலேயே வாயைக் கட்டி வளர்க்கிறோம். மீறி ஒருவன் வாய் திறக்கும்போது இப்படி நடந்தால், அடுத்த முறை திறப்பது எப்படி?

இனி, எச்சரிக்கையாக இருக்க வேண்டிய சில இடங்கள்.

ஒரு பதிலை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நல்ல மனிதர்களும் திடீரென்று கேட்டால் திகைத்துப் போவார்கள், உபதேசம் பண்ணுவார்கள், மௌனமாவார்கள். "எனக்கு உபதேசம் வேணாம், கொஞ்சம் கேட்டா போதும்" என்று ஒரு தடவை நேராகச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு மாற முயற்சிக்கிறாரா என்பதுதான் முக்கியம். திரும்பத் திரும்பச் சிரிப்பும் அலட்சியமும் வந்தால், வீட்டிலுள்ள ஒரு பெரியவரிடம் மனம் விட்டுச் சொல்லுங்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று என்பது அதை மறைக்கக் காரணமாகாது.

இல்லாத பயத்தைச் சொல்லிச் சோதிக்கவும் வேண்டாம். பொய்யால் உண்மையை அளக்க முடியாது.

சிறிய ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பயமும் பலவீனமும் ஒன்று, கடந்த காலப் பாவம் இன்னொன்று. அல்லாஹ் மறைத்த பாவத்தை நாமே பகிரங்கப்படுத்தக்கூடாது என்பது எங்கள் மார்க்கம், நெருக்கத்தின் பெயரால் அதைக் கிளறத் தேவையில்லை. ஆனால் கலியாண வாழ்க்கையைப் பாதிக்கக்கூடிய நோய் இருந்தால் அது இரகசியமல்ல, நிகாஹ்வுக்கு முன் பெரியவர்கள் மூலமாகவே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, மிக இனிமையாகக் கேட்கிறவர்களைப் பற்றி. முகநூலில் அறிமுகமாகி, குடும்பத்துக்குத் தெரியாமல் இரவிரவாகக் கதைத்து, உங்கள் வீட்டுச் சண்டையையும் உங்கள் கண்ணீரையும் ஆவலோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் அடுத்த கேள்வி கேட்பார்கள், ஞாபகமும் வைத்திருப்பார்கள். வித்தியாசத்தை இப்படிக் கண்டுபிடியுங்கள். அக்கறை உள்ளவர் உங்களை உம்மாவிடமும் வைத்தியரிடமும் நண்பிகளிடமும் நெருங்கவே சொல்வார். மற்றவர், "என்னைத் தவிர யாருக்கும் உன்னை விளங்காது" என்று சொல்லி ஒவ்வொருவராக விலக்குவார். பிறகு படம் கேட்பார், அதற்குப் பிறகு மிரட்டல் வரும். அந்த நிலைக்கு வந்துவிட்ட பிள்ளைகள் வெட்கப்பட்டு மறைக்காமல் பெற்றோரிடம் சொல்லுங்கள், பெண்களுக்கான 1938 உதவி இலக்கமும் இருக்கிறது. பெற்றோரே, பிள்ளை வந்து சொல்லும்போது அடிக்கக் கை ஓங்கினால், நாம் மேலே எழுதிய பிழையான பதிலை நீங்களே கொடுக்கிறீர்கள்.

சம்பந்தம் பேசுகிற பெரியவர்களிடம் எங்களுடைய ஒரு வேண்டுகோள். நிச்சயத்துக்கும் நிகாஹ்வுக்கும் இடையில், மார்க்க வரம்புக்குள், பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, அந்த இருவரும் இப்படியான ஒன்றைக் கதைத்துக்கொள்ள அரை மணித்தியாலமாவது கொடுங்கள். உடுப்பின் நிறத்தையும் சாப்பாட்டுப் பட்டியலையும் பற்றிக் கதைக்க அவர்களுக்குப் பிறகு நேரமிருக்கிறது.

எங்கள் பிள்ளைகளின் வீடுகளில், பயந்து வருகிறவரைப் போர்த்திவிடுகிற கைகளை அல்லாஹ் ஆக்கித் தருவானாக. ஆமீன்.